கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடுதல்: ஆய்வு முடிவை எழுதும் முறை

ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றுக்கு ஒரே அமைப்பு உண்டு. வழக்கமான முறையில் வைக்கப்பட்ட குழு ஒன்று இருக்கும். அதனைக் கட்டுப்பாட்டுக் குழு என்கிறோம். அதனருகே புதிய மருந்தோ புதிய உரமோ புதிய செய்முறையோ கொடுக்கப்பட்ட சோதனைக் குழுக்கள் மூன்றோ நான்கோ இருக்கும். ஆய்வாளர் கேட்கும் வினாவும் தெளிவானதே: இச்சோதனைக் குழுக்களுள் எவை கட்டுப்பாட்டுக் குழுவினின்று வேறுபடுகின்றன? எவ்வளவு வேறுபடுகின்றன?

வினா எளிது, விடையை எழுதும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. “முதல் குழுவில் வேறுபாடு உண்டு, மற்ற இரண்டிலும் இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடும் அறிக்கைகளை நாம் மாணவர் ஆய்வேடுகளிலும் காண்கிறோம், அச்சேறிய கட்டுரைகளிலும் காண்கிறோம். அந்த ஒரு வரியிலேயே மூன்று குறைகள் உள்ளன. எந்த அளவுகோலைக் கொண்டு அந்த முடிவு எட்டப்பட்டது என்று அது கூறவில்லை. வேறுபாடு எவ்வளவு என்று கூறவில்லை. மேலும், சோதனை காட்டாத ஒன்றை, அதாவது மற்ற இரண்டிலும் “வேறுபாடு இல்லை” என்பதை, அது உறுதியாகச் சொல்லிவிடுகிறது. இக்குறைகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றை எவ்வாறு களையலாம் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கையால் கணக்கிட்டு இங்கே காண்போம்.

பன்னிரண்டு துணித்துண்டுகள்

கனடாவைச் சேர்ந்த புள்ளியியலாளர் சார்லஸ் டன்னெட் 1955ஆம் ஆண்டில் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல சோதனைக் குழுக்களை ஒரே கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடுவதற்கென்றே அமைந்த முறையை அதில் அவர் வகுத்தார். விளக்கத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட தரவுகளுள் ஒன்று துணியின் வலிமை பற்றியது. வழக்கமான முறையில் தயாரிக்கப்பட்ட துணியையும், மூன்று வெவ்வேறு வேதிச் செய்முறைகளுக்கு உட்படுத்தப்பட்ட துணிகளையும் இழுத்து, அவை எந்த விசையில் அறுகின்றன என்று பவுண்டு அளவில் குறித்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று அளவீடுகள், ஆகமொத்தம் பன்னிரண்டு.

| குழு | அளவீடுகள் | சராசரி |
|---|---|---|
| வழக்க முறை (கட்டுப்பாடு) | 55, 47, 48 | 50 |
| முதல் செய்முறை | 55, 64, 64 | 61 |
| இரண்டாம் செய்முறை | 55, 49, 52 | 52 |
| மூன்றாம் செய்முறை | 50, 44, 41 | 45 |

கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரியை ஒவ்வொரு செய்முறையின் சராசரியிலிருந்தும் கழித்தால் முறையே 11, 2, −5 என்னும் வேறுபாடுகள் கிடைக்கின்றன. முதல் செய்முறை துணியை வலுப்படுத்தியதுபோலத் தோன்றுகிறது. மூன்றாவது நலிவித்ததுபோலத் தோன்றுகிறது. ஆனால் ஒரே குழுவுக்குள்ளேயே அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவில்லை என்பதையும் நாம் காண்கிறோம். வழக்க முறையில் தயாரான துண்டுகளுள் ஒன்று 47இல் அறுந்தது. மற்றொன்று 55 வரை தாங்கியது. ஒரே வகைத் துணியிலேயே 8 பவுண்டு ஏற்றத்தாழ்வு இருக்குமானால், சராசரிகளுக்கிடையே தோன்றும் 11 பவுண்டு வேறுபாட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

இதற்கு விடை காண, குழுவுக்குள் நிகழும் ஏற்றத்தாழ்வை முதலில் அளந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் அளவீடும் தன் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அவ்விலகலை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். கட்டுப்பாட்டுக் குழுவில் விலகல்கள் 5, −3, −2; அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 25 + 9 + 4 = 38. இவ்வாறே மற்றக் குழுக்களுக்கு 54, 18, 42 ஆகியவை கிடைக்கின்றன. மொத்தம் 152. ஒரு குழுவின் மூன்று விலகல்களையும் கூட்டினால் சுழியமே வருமாதலால், அவற்றுள் இரண்டு மட்டுமே கட்டின்றி மாறக்கூடியவை. நான்கு குழுக்களுக்கும் சேர்த்து எட்டு. 152ஐ 8ஆல் வகுத்தால் 19. இதுவே குழுக்களுக்குப் பொதுவான விலக்க வர்க்கச் சராசரி.

இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதை அந்த வேறுபாட்டின் திட்டப் பிழை கூறும். ஒவ்வொரு குழுவிலும் மூன்று அளவீடுகள் இருப்பதால், அது 19 × (1/3 + 1/3) என்பதன் வர்க்கமூலம். அதாவது ஏறத்தாழ 3.56 பவுண்டு. இனிவரும் கணக்கு அனைத்தும் இந்த ஓர் எண்ணின்மேலேயே நிற்கிறது.

எத்தனை மடங்கு போதும்?

வேறுபாடு திட்டப் பிழையைப்போல் எத்தனை மடங்கு இருந்தால் அதனைப் பொருட்படுத்தத்தக்கது என்று கொள்வது? இரண்டே குழுக்கள் இருக்குமானால் விடை எளிது. ஸ்டூடண்டின் டி அட்டவணையில், எட்டுக் கட்டின்மைக் கூறுகளுக்கு நேராக, 5 விழுக்காட்டு நிலையில் 2.31 என்று காண்கிறோம். அதனை 3.56ஆல் பெருக்கினால் 8.2. வேறுபாடு 8.2 பவுண்டைத் தாண்டினால் அதனைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பது இதன் பொருள். உண்மையில் வேறுபாடே இல்லாத இரு குழுக்களை ஒப்பிடும்போது, இந்த எல்லை நூற்றுக்கு ஐந்து முறை நம்மை ஏமாற்றும். அந்த ஐந்தை நாம் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம்.

நம் சோதனையிலோ ஒப்பீடுகள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்றால், மூன்றுள் ஏதேனும் ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு அதைவிடக் கூடுதலாகும். மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்ற சோதனைகளாக இருந்தால் அது 1 − 0.95³, அதாவது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு. மூன்று செய்முறைகளுமே பயனற்றவை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏறத்தாழ ஏழு சோதனைகளுக்கு ஒன்றில் ஏதோ ஒரு செய்முறை பயனுள்ளதுபோல் வெளிப்பட்டு நிற்கும். அறிக்கையில் அந்த ஒன்றே தலைப்பாகவும் அமைந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் மூன்று ஒப்பீடுகளும் தொடர்பற்றவை அல்ல. மூன்றும் ஒரே கட்டுப்பாட்டுக் குழுவைப் பகிர்ந்துகொள்கின்றன. வழக்க முறைத் துணியின் உண்மையான சராசரி 53 என்றும், நம் கைக்கு வந்த மூன்று துண்டுகள் தற்செயலாக நலிந்தவையாதலால் 50 கிடைத்தது என்றும் கொள்வோம். அப்பொழுது மூன்று வேறுபாடுகளும் ஒருசேர 3 பவுண்டு உயர்ந்து காட்டும். ஒரே சாட்சி மூன்று வழக்குகளில் வந்து நிற்பதைப் போன்றது இது. அந்தச் சாட்சி பிழைபட்டால் மூன்று தீர்ப்புகளும் ஒரே பக்கம் சாயும். ஆகவே, ஏதேனும் ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு பதினான்கைவிடச் சற்றுக் குறைகிறது. ஆனால் ஏமாறும்போது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேர்ந்தே ஏமாறக்கூடும். சோதனைக் குழுக்கள் பலவும் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து ஒரே திசையில் ஒரே அளவாக விலகியிருக்கக் கண்டால், கட்டுப்பாட்டுக் குழுவையே ஒருமுறை ஐயுற்றுப் பார்ப்பது நன்று.

டன்னெட்டின் முறை இந்தப் பகிர்வைக் கணக்கில் கொள்கிறது. மூன்று ஒப்பீடுகளையும் ஒரே தொகுதியாக எடுத்து, அத்தொகுதி முழுவதிலும் ஒரு பிழையாவது நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாதவாறு எல்லையை அமைக்கிறது. 1964ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திருத்திய அட்டவணையில், மூன்று சோதனைக் குழுக்களுக்கும் எட்டுக் கட்டின்மைக் கூறுகளுக்கும் உரிய எண் 2.88. இதனை 3.56ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10.25. முதல் செய்முறையின் வேறுபாடு 11 அன்றோ? அது எல்லையைத் தாண்டுகிறது. மற்ற இரண்டும் தாண்டவில்லை.

ஒரே 11, நான்கு எல்லைகள்

இந்த இடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். 11 என்னும் வேறுபாடு 10.25 என்னும் எல்லையை மயிரிழையில்தான் தாண்டியது. வேறு முறையைக் கையாண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒப்பீடுகளின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் சாதாரண டி அட்டவணையைக் கொண்டிருந்தால் எல்லை 8.2. பொன்ஃபெரோனி முறையில் 5 விழுக்காட்டை மூன்றாகப் பங்கிட்டு ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் ஒரு பங்கு அளிப்பார்கள். அவ்வாறு செய்தால் எல்லை ஏறத்தாழ 10.7. கட்டுப்பாட்டுக் குழுவின் பகிர்வைக் கருதாமையால் அது டன்னெட்டின் எல்லையைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது. டியூக்கியின் முறையோ கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தனியிடம் தராமல் நான்கு குழுக்களையும் இணை இணையாக ஒப்பிடுவது. இணைகள் மொத்தம் ஆறு. ஆறுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வேண்டுமாதலால் எல்லை 11.4 ஆகிவிடுகிறது.

ஆக, அதே பன்னிரண்டு அளவீடுகள். அதே 11 பவுண்டு வேறுபாடு. டன்னெட்டின் முறையில் அது பொருட்படுத்தத்தக்கது. டியூக்கியின் முறையில் அவ்வாறு கூற இயலாது. இரண்டுள் எதுவும் பிழையன்று; இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருகின்றன. “மூன்று செய்முறைகளுள் எது வழக்க முறையினின்று வேறுபடுகிறது?” என்பது முதல் வினா. “நான்கு முறைகளுள் எவை எவற்றினின்று வேறுபடுகின்றன?” என்பது இரண்டாவது. வினாவை விரிவாகக் கேட்போர் அதற்குரிய விலையாக உயர்ந்த எல்லையைச் செலுத்துகின்றனர்.

இதிலிருந்து அறிக்கை எழுதுவோர்க்கு இரண்டு கடமைகள் பிறக்கின்றன. எந்த முறையால் ஒப்பிட்டோம் என்பதைப் பெயர் சுட்டி எழுத வேண்டும். அம்முறையைத் தரவைப் பார்க்கும் முன்னரே தேர்ந்தோம் என்பதையும் எழுத வேண்டும். முதலில் ஆறு இணைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 11.4ஐத் தாண்டாததைக் கண்டு, பின்னர் எல்லை தாழ்ந்த முறைக்கு மாறியவருடைய 5 விழுக்காடு உண்மையில் 5 விழுக்காடாக இராது. அளந்த பிறகு அளவுகோலை மாற்றினால், அளவு நம் விருப்பத்தையே காட்டும்.

எல்லாக் குழுக்களையும் ஒருங்கே நோக்கும் எஃப் சோதனையை முதலில் செய்து, அதன் முடிவை மட்டும் எழுதுவோரும் உளர். நம் தரவில் அதன் மதிப்பு 134 ÷ 19, அதாவது 7.05. அட்டவணை எல்லை 4.07 ஆதலால் அது தாண்டுகிறது. ஆனால் அது கூறுவதெல்லாம் “எங்கோ வேறுபாடு உள்ளது” என்பதே. அந்த வேறுபாடு முதல் செய்முறைக்கும் மூன்றாம் செய்முறைக்கும் இடையிலுள்ள 16 பவுண்டிலிருந்து பெரிதும் எழுந்திருக்கலாம். கட்டுப்பாட்டுக் குழுவைப் பற்றி நாம் கேட்ட வினாவுக்கு எஃப் சோதனை விடையாகாது. டன்னெட்டின் ஒப்பீட்டைச் செய்ய அது முன் நிபந்தனையும் அன்று.

“வேறுபாடு இல்லை” என்னும் தொடர்

இனி, இரண்டாம் செய்முறையைப் பற்றி என்ன எழுதுவது? அதன் வேறுபாடு 2, எல்லை 10.25. “இரண்டாம் செய்முறைக்கும் வழக்க முறைக்கும் வேறுபாடு இல்லை” என்று எழுதக் கை துறுதுறுக்கும். அவ்வாறு எழுதுவது தவறு. ஏன் என்பதை நம்பிக்கை இடைவெளி காட்டிவிடும்.

கண்ட வேறுபாட்டிலிருந்து எல்லையைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு கிடைக்கிறது. முதல் செய்முறைக்கு 0.75 முதல் 21.25 வரை. இரண்டாம் செய்முறைக்கு −8.25 முதல் 12.25 வரை. மூன்றாம் செய்முறைக்கு −15.25 முதல் 5.25 வரை. இம்மூன்று இடைவெளிகளும் ஒருசேர உண்மையை உள்ளடக்கும் என்பதில் நமக்குள்ள நம்பிக்கை 95 விழுக்காடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 95 விழுக்காடு என்பதன்று. தொகுதி முழுவதற்கும் சேர்த்தே அந்த 95.

இரண்டாம் செய்முறையின் இடைவெளியை நோக்குக. அது துணியை 8 பவுண்டு நலிவித்திருக்கவும் கூடும். 12 பவுண்டு வலுப்படுத்தியிருக்கவும் கூடும். 50 பவுண்டில் அறும் துணிக்கு 12 பவுண்டு என்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இத்துணை அகன்ற வீச்சை வைத்துக்கொண்டு “வேறுபாடு இல்லை” என்று தீர்ப்பளிக்க எவருக்கும் உரிமை இல்லை. “வேறுபாடு உண்டென்று இச்சோதனையால் காட்ட இயலவில்லை” என்பதே உண்மைக்கு ஒத்த தொடர். இரண்டு தொடர்களும் ஒன்றுபோல் ஒலித்தாலும், முன்னது துணியைப் பற்றிய கூற்று. பின்னது நம் சோதனையின் ஆற்றலைப் பற்றிய கூற்று. மூன்று துண்டுகளை மட்டுமே இழுத்துப் பார்த்த நமக்குப் பின்னதைச் சொல்லவே தகுதி உண்டு.

மூன்றாம் செய்முறையில் இது இன்னும் கூர்மையாகிறது. துணியின் வலிமையை 15 பவுண்டு வரை குறைக்கக்கூடிய ஒரு செய்முறையை, எல்லையைத் தாண்டவில்லை என்பதற்காக “தீங்கற்றது” என்று எழுதி, அதை நம்பி ஓர் ஆலை அதனை ஏற்றுக்கொண்டால் என்ன நேரும்? துணிக்குப் பதிலாக ஒரு மருந்தின் பக்க விளைவை எண்ணிப் பார்த்தால் இவ்வொரு சொல்லின் பாரம் விளங்கும்.

முதல் செய்முறையின் இடைவெளியும் நமக்கு அடக்கத்தைக் கற்பிக்கிறது. உண்மையான வலிமை உயர்வு ஒரு பவுண்டுக்கும் குறைவாக இருக்கலாம். 21 பவுண்டாகவும் இருக்கலாம். “வலிமை கூடுகிறது” என்று சொல்லலாம். “11 பவுண்டு கூடுகிறது” என்று இடைவெளியைக் காட்டாமல் சொல்லலாகாது. உயர்வு ஒரு பவுண்டே என்றால், அச்செய்முறையின் செலவுக்கு அது தகுமா என்பது வேறு வினா. அவ்வினாவை எழுப்பும் வாய்ப்பைப் படிப்பவர்க்கு இடைவெளிதான் தருகிறது.

செய்யாத ஒப்பீட்டை எழுதாதிருத்தல்

முதல் செய்முறை எல்லையைத் தாண்டியது. இரண்டாம் செய்முறை தாண்டவில்லை. எனவே முதல் செய்முறை இரண்டாவதைவிடச் சிறந்தது என்று முடிவுரையில் எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. இந்த இரண்டையும் நாம் ஒன்றோடொன்று ஒப்பிடவே இல்லை. இரண்டையும் தனித்தனியே கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டுமே ஒப்பிட்டோம்.

ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்? சராசரிகளின் வேறுபாடு 61 − 52 = 9. இணைகள் அனைத்தையும் ஒப்பிடுவதற்குரிய டியூக்கியின் எல்லை 11.4. ஒன்பது அதனை எட்டவில்லை. ஆகவே முதல் செய்முறை இரண்டாவதைவிட மேலானது என்பதற்கு இத்தரவில் போதிய சான்று இல்லை. வேலியின் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் ஒன்றும் நிற்பதாலேயே அவ்விரண்டும் தொலைவில் இருப்பதாகாது; இரண்டும் வேலியை ஒட்டியே நிற்கலாம். செய்முறைகளைத் தமக்குள்ளும் ஒப்பிட வேண்டும் என்பது ஆய்வின் நோக்கமானால், தொடக்கத்திலேயே டியூக்கியின் முறையைத் தேர்ந்து, அதன் உயர்ந்த எல்லையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உடுக்குறிகளும் கணினியும்

வரைபடத்தில் பட்டைகளின்மேல் உடுக்குறி இடும் வழக்கம் இவ்வகை அறிக்கைகளில் வேரூன்றியுள்ளது. ஓர் உடு, இரண்டு உடு, மூன்று உடு என்று அவை நிற்கும். எதனோடு ஒப்பிட்டு இட்ட குறி, எந்த முறையால் இட்ட குறி என்பவை படத்தின் கீழே எழுதப்படாவிட்டால் அக்குறிக்குப் பொருளே இல்லை. பட்டையின் நுனியில் நிற்கும் கோட்டுக்கும் இது பொருந்தும். நம் தரவில் குழுக்களுக்குப் பொதுவான திட்ட விலக்கம் 4.36, ஒரு சராசரியின் திட்டப் பிழை 2.52. எதனை வரைந்தோம் என்று கூறாவிட்டால், படிப்பவர் சிறியதைப் பெரியதாகவோ பெரியதைச் சிறியதாகவோ கொள்வார். இவ்வகைச் சோதனைக்கு உடுக்குறிகளைவிடச் சிறந்த படம் ஒன்று உண்டு: கட்டுப்பாட்டுக் குழுவினின்று ஒவ்வொரு செய்முறையின் வேறுபாட்டையும் புள்ளியாகவும், அதன் நம்பிக்கை இடைவெளியைக் கோடாகவும், சுழியத்தை நெடுங்கோடாகவும் வரைதல். மூன்று கோடுகளுள் எது சுழியத்தைத் தொடவில்லை என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். மற்றவை எவ்வளவு அகன்றவை என்பதும் மறைக்கப்படாது.

கணினியில் கணக்கிடுவோர் ஓரிடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். சில மென்பொருள்கள், நாம் வேறு கட்டளை தராவிட்டால், பெயர் வரிசையில் முதலில் நிற்கும் குழுவையே கட்டுப்பாட்டுக் குழுவாகக் கொள்ளும். அவ்வாறு முதல் செய்முறை கட்டுப்பாட்டின் இடத்தில் அமர்ந்துவிட்டால், கணக்கு எவ்விதப் பிழைச் செய்தியும் இன்றி முடிந்துவிடும். விடை மட்டும் வேறொரு வினாவுக்கு உரியதாக இருக்கும். இதனைக் கண்டறிவது எளிது. கணினி தரும் வேறுபாடுகளை, நாம் கையால் கழித்துப் பெற்ற 11, 2, −5 ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்தால் போதும். −11, −9, −16 என்று வந்தால் கட்டுப்பாட்டுக் குழு மாறிவிட்டது என்று அறியலாம்.

எண்ணிக்கையைக் கூறும் முறை

அறிக்கையில் “ஒவ்வொரு குழுவிலும் மூன்று” என்று எழுதினால், எதன் மூன்று என்பதும் தெரிய வேண்டும். ஒரு செய்முறையை மூன்று முறை தனித்தனியே செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை இழுத்துப் பார்த்தால் அது உண்மையான மூன்று. செய்முறையை ஒரே ஒரு முறை செய்து, அந்த ஒரே துணியிலிருந்து மூன்று துண்டுகளை வெட்டி எடுத்தால், அவை அந்தத் துணியைப் பற்றிப் பேசுமேயன்றிச் செய்முறையைப் பற்றிப் பேசா. அப்போது துண்டுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு குறைவாகக் காணப்படும், 19 என்னும் எண் சிறுத்துவிடும், எல்லையும் தாழ்ந்துவிடும், இல்லாத வேறுபாடுகள் இருப்பனபோல் தோன்றும். எந்தப் புள்ளியியல் முறையும் இதனைப் பின்னர்ச் சரிசெய்ய இயலாது.

எண்ணிக்கையைத் திட்டமிடும் நிலையில் உள்ளோர்க்கு நம் கணக்கு ஒரு பயனுள்ள செய்தியையும் தருகிறது. இன்னும் மூன்று துண்டுகளைச் சேர்க்க வசதி உண்டு என்று கொள்வோம். செய்முறைக்கு ஒன்றாக அவற்றைப் பகிர்ந்தால், ஒப்பீட்டின் திட்டப் பிழை 19 × (1/4 + 1/3) என்பதன் வர்க்கமூலம், அதாவது 3.33. மூன்றையும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கே கொடுத்தால் 19 × (1/3 + 1/6) என்பதன் வர்க்கமூலம், அதாவது 3.08. கட்டுப்பாட்டுக் குழு எல்லா ஒப்பீடுகளிலும் பங்கேற்பதால், அதற்குச் செய்யும் செலவு எல்லா ஒப்பீடுகளுக்கும் பயன்படுகிறது. சோதனைக் குழுக்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, ஏறத்தாழ அத்தனை மடங்கு கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒதுக்கலாம் என்பது இதற்குரிய எளிய விதி. நான்கு சோதனைக் குழுக்களுக்குப் பத்துப் பத்து என்றால், கட்டுப்பாட்டுக் குழுவுக்கு இருபது. இவ்வாறு எண்ணிக்கை சமமாக இல்லாதபோது, அதனை அறிக்கையில் காரணத்தோடு குறிப்பிட வேண்டும்.

அறிக்கையின் வடிவம்

இதுவரை கண்டவற்றை ஒரு பத்தியாகத் திரட்டினால், நம் சோதனையின் முடிவைப் பின்வருமாறு எழுதலாம்:

“மூன்று வேதிச் செய்முறைகளுக்கு உட்பட்ட துணியின் அறுபடும் வலிமையை வழக்க முறைத் துணியின் வலிமையோடு ஒப்பிட்டோம். ஒவ்வொரு குழுவிலும் மூன்று அளவீடுகள். ஒப்பீடு இருபுற டன்னெட் முறையில், தொகுதி முழுவதற்கும் 5 விழுக்காட்டு நிலையில், சோதனைக்கு முன்னரே திட்டமிட்டவாறு செய்யப்பட்டது. வழக்க முறையின் சராசரி 50 பவுண்டு. பொதுத் திட்ட விலக்கம் 4.36 பவுண்டு; கட்டின்மைக் கூறுகள் 8. வழக்க முறையினின்று வேறுபாடுகளும் 95 விழுக்காட்டு ஒருங்கு நம்பிக்கை இடைவெளிகளும்: முதல் செய்முறை 11 (0.75 முதல் 21.25 வரை), இரண்டாம் செய்முறை 2 (−8.25 முதல் 12.25 வரை), மூன்றாம் செய்முறை −5 (−15.25 முதல் 5.25 வரை). முதல் செய்முறை வலிமையைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று உண்டு. உயர்வின் அளவு துல்லியமாக அறியப்படவில்லை. மற்ற இரு செய்முறைகளும் வழக்க முறையினின்று வேறுபடுவதாகக் காட்ட இயலவில்லை. செய்முறைகள் தமக்குள் ஒப்பிடப்படவில்லை.”

இப்பத்தி நீண்டதன்று. ஆயினும், ஐயுறும் படிப்பவர் ஒருவர் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டியவை யாவும் இதில் உள்ளன. எல்லையைத் தாண்டிய ஒன்றோடு தாண்டாத இரண்டும் சமமாக இடம் பெற்றுள்ளன. அவ்விரண்டையும் விட்டுவிட்டு முதல் செய்முறையை மட்டும் எழுதியிருந்தால், படிப்பவர் ஒப்பீடு ஒன்றே நடந்தது என்று எண்ணி, 8.2 என்னும் எல்லையை மனத்தில் கொண்டு, 11ஐ உள்ளதைவிட உறுதியானதாகக் கருதியிருப்பார். எத்தனை முறை பார்த்தோம் என்பதும் நாம் கண்டதன் ஒரு பகுதியே. மாணவர் ஓர் ஆய்வேட்டைக் கொண்டுவரும்போது, “எது தாண்டியது?” என்று கேட்குமுன் “எத்தனையை ஒப்பிட்டாய்?” என்று ஆசிரியர் கேட்பாராயின், அந்த ஆய்வேட்டின் முடிவுரை அன்றே திருந்தத் தொடங்கிவிடும்.